ஜெர்மன் கிளையன்ட்டுக்கு அனுப்பின முதல் இன்வாய்ஸ்: கவர் நோட்ல நான் எழுதாம விட்ட நாலு விஷயம்

நான் திருச்சியில இருந்து தனியா வெப்சைட் வேலை பண்றேன், ஆறு வருஷமா உள்ளூர் கஸ்டமர்ஸ் தான், 2024ல தான் முதல் முறையா வெளிநாட்டுல இருந்து ஒரு வேலை வந்துச்சு. ஜெர்மனியில ஒரு சின்ன டிசைன் ஸ்டுடியோ, அவங்க டிசைன் பண்ணுவாங்க, நான் கோட் எழுதி முடிச்சுக் குடுக்கணும், 2,400 யூரோ. அப்போ ரேட்டுக்கு சுமாரா 2,16,000 ரூபா. வேலை நல்லபடியா முடிஞ்சது, அவங்களுக்கும் பிடிச்சிருந்துச்சு, ஜூன் 10ம் தேதி இன்வாய்ஸ் அனுப்பினேன். காசு என் அக்கவுண்ட்ல விழுந்தது ஆகஸ்ட் 20. எழுபத்தி ஒரு நாள். அதுலயும் 8,400 ரூபா குறைஞ்சு வந்துச்சு, அது போக 38,880 ரூபாய நானே கைக்காசு போட்டு வரியா கட்டி, அதைத் திரும்ப வாங்க டிசம்பர் கடைசி ஆயிருச்சு. கிளையன்ட் ஏமாத்தல, அதை முதல்லயே சொல்லிடறேன், அவங்க ஆரம்பத்துல இருந்தே குடுக்கத் தயாரா தான் இருந்தாங்க. நான் இன்வாய்ஸோட அனுப்பின மெயில்ல எழுத வேண்டியதை எழுதல, அவ்ளோதான் காரணம். அந்த ரெண்டரை மாசம் ராத்திரி தூக்கம் இல்லாம இருந்தேன், யார்கிட்ட கேக்கறதுன்னும் தெரியல, அதனால தான் இதை இவ்ளோ விவரமா எழுதறேன்.

நான் அனுப்பின மெயில் மொத்தமே ரெண்டு வரி. இன்வாய்ஸ் இணைச்சிருக்கேன், முப்பது நாள்ல குடுங்க, நன்றி. மெயில்ல எழுதற இந்த வாசகத்தைத் தான் கவர் நோட்னு சொல்றேன். நமக்கு இது ஒரு சம்பிரதாயம் மாதிரி தோணும், எல்லாம் பிடிஎஃப்ல இருக்கேன்னு விட்ருவோம். ஆனா அங்க நடக்கறது என்னன்னா, நம்மகூட தினம் பேசிட்டு இருந்த ப்ராஜெக்ட் மேனேஜர் அந்த மெயிலை அப்படியே அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டு அவங்க வேலைய பாக்கப் போயிடுவாங்க. அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவங்களுக்கு நம்மள யாருன்னே தெரியாது. அவங்க முன்னாடி இந்தியால இருந்து வந்த ஒரு தாள் இருக்கு, அதை அவங்க சிஸ்டம்ல ஏத்தணும், எவ்ளோ, எப்போ, எங்க, என்ன வரின்னு நாலு கட்டம் நிரப்பணும். ஒரு கட்டத்துல சந்தேகம் வந்தாலும் ஓரமா எடுத்து வெச்சிருவாங்க. என் கிளையன்ட் கம்பெனியில மாசத்துக்கு ரெண்டே தடவை தான் பணம் அனுப்புவாங்க, 15ம் தேதியும் மாசக் கடைசியும், எல்லா பில்லையும் மொத்தமா சேத்து. ஒரு ரவுண்டு தவறிச்சுன்னா அடுத்த பதினஞ்சு நாள் போச்சு. எனக்கு இது தெரியாது, கேக்கவும் இல்ல.

முதல் அடி வரியில தான் விழுந்துச்சு. என்கிட்ட ஜிஎஸ்டி நம்பர் இருக்கு, ஒரு உள்ளூர் கம்பெனி கேட்டாங்கன்னு எடுத்தது. அதனால பழக்க தோஷத்துல 2,400க்கு மேல 18 சதவீதம், 432 யூரோ சேத்து 2,832னு இன்வாய்ஸ் போட்டுட்டேன். ரெண்டு வாரம் சத்தமே இல்ல, ஜூன் 24 அன்னைக்கு அக்கவுண்ட்ஸ்ல இருந்து ரொம்ப மரியாதையா ஒரு மெயில், இந்த 432 என்ன, பேசினது 2,400 தானே, இந்த வரியை எங்களால திரும்ப எடுக்க முடியாது, இது எங்க நாட்டு வரி இல்லையேன்னு. படிச்சதும் முகமெல்லாம் சூடாயிருச்சு, நான் அதிகமா பிடுங்கப் பாக்கறேன்னு நினைச்சிருப்பாங்களோன்னு. உடனே வரியை எடுத்துட்டு 2,400னு புது பிடிஎஃப் அனுப்பிட்டேன். பிரச்சனை தீந்துச்சுன்னு நினைச்சேன், ஆனா நிஜப் பிரச்சனை அங்க தான் ஆரம்பிச்சுது.

விஷயம் என்னன்னா, இந்தியால இருந்து வெளிநாட்டு கம்பெனிக்கு சர்வீஸ் குடுத்தா அது ஏற்றுமதி, ஐஜிஎஸ்டி சட்டம் பிரிவு 16 படி அது பூஜ்ய வரி சப்ளை. ஆனா பூஜ்ய வரின்னா சும்மா வரி போடாம விட்டா போதும்னு அர்த்தம் இல்ல. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, எல்யூடி, அதாவது உறுதிமொழிக் கடிதம், ஜிஎஸ்டி போர்ட்டல்ல GST RFD-11னு ஒரு ஃபார்ம், அதை முன்னாடியே போட்டு வெச்சிட்டா வரி கட்டாமலே ஏற்றுமதி பண்ணலாம். இன்னொண்ணு, எல்யூடி இல்லன்னா 18 சதவீதம் ஐஜிஎஸ்டிய கட்டிட்டு அப்புறம் ரீஃபண்ட் கேக்கணும். கிளையன்ட் அந்த வரியைத் தர மாட்டாங்க, அப்போ அது நம்ம கைக்காசு. ஜூலை 17 அன்னைக்கு ஆடிட்டர் சார் கணக்கு பாக்கும்போது தான் கேட்டார், "எல்யூடி போட்டிருக்கீங்களாம்மா?" அந்த வார்த்தையவே நான் அன்னைக்கு தான் முதல் தடவை கேள்விப்படறேன். ஜூன் மாச ரிட்டர்ன் 20ம் தேதிக்குள்ள போடணும், 2,16,000க்கு 18 சதவீதம் 38,880. கிளையன்ட் பணம் இன்னும் வரவே இல்ல, வராத பணத்துக்கு நான் வரி கட்டறேன். தேதி கடந்ததுக்கு அப்புறமும் எல்யூடிய ஏத்துக்கலாம்னு மத்திய மறைமுக வரி வாரியம் சிபிஐசி 2019ல சர்க்குலர் போட்டிருக்காங்க, ஆனா அது ஒவ்வொரு கேஸையும் பாத்து அதிகாரி முடிவு பண்றது, நோட்டீஸ் வந்து அலையறதை விட கட்டிட்டு ரீஃபண்ட் கேக்கலாம்னு சார் சொன்னார். ரெண்டு வளையலைக் கொண்டுபோய் நகைக்கடன் வாங்கி கட்டினேன். அம்மாகிட்ட சொல்லல. எல்யூடி போடறதுக்கு செலவு ஒரு பைசா கிடையாது, ஆன்லைன்ல கொஞ்ச நேர வேலை, ஆனா அது ஒரு நிதியாண்டுக்கு மட்டும் தான், மார்ச் 31ஓட முடிஞ்சிரும், ஏப்ரல்ல திரும்ப போடணும். இதை மறக்கறவங்க நிறைய பேர், போன வருஷம் போட்டோமேன்னு இருந்துருவாங்க.

ஒரு சின்ன விளக்கம், உங்க மொத்த வருமானம் வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள்ள இருந்து நீங்க ஜிஎஸ்டி ரெஜிஸ்டரே பண்ணலன்னா இந்த எல்யூடி தலைவலி உங்களுக்கு இல்ல, சர்வீஸ் மட்டும் பண்றவங்களுக்கு அந்த வரம்பு வரைக்கும் ஏற்றுமதிக்கும் விலக்கு இருக்கு. அப்போ கவர் நோட்ல இந்தியால ஜிஎஸ்டி ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாத சப்ளையர்னு ஒரு வரி எழுதினா போதும். ஆனா எழுதணும், எழுதாம விட்டா அங்க இருக்கறவங்க வரி விட்டுப்போச்சோன்னு கேள்வி அனுப்புவாங்க.

நம்ம பக்கம் இப்படின்னா அவங்க பக்கமும் ஒரு வரிக் கதை இருக்கு, அது தெரிஞ்சா தான் நோட்ல என்ன எழுதணும்னு புரியும். ஜெர்மன் கம்பெனி ஒண்ணு வெளிநாட்டுல இருந்து சர்வீஸ் வாங்கினா, பொதுவான விதிப்படி அந்த சர்வீஸ் நடந்த இடம் ஜெர்மனின்னு கணக்கு. அதுக்கான 19 சதவீத வாட், அதாவது அங்க நம்ம ஜிஎஸ்டி மாதிரி இருக்கற வரியை நாம போடக்கூடாது, வாங்கின கம்பெனியே தன் ரிட்டர்ன்ல காட்டி, அதே ரிட்டர்ன்ல கழிச்சும் எடுத்துக்கும். இதைத் தான் ரிவர்ஸ் சார்ஜ்னு சொல்றாங்க. இது கம்பெனிக்கு கம்பெனி நடக்கற வேலைக்கு தான், தனி ஆளுக்கு பண்ற வேலைக்கு விதி வேற. அங்க அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவங்க தேடறது அந்த ஒரு வார்த்தையையும் அவங்க கம்பெனியோட வாட் நம்பரையும் தான். ரெண்டும் இருந்தா எந்தக் கட்டத்துல போடணும்னு அவங்களுக்கு உடனே தெரிஞ்சிரும். நான் வரியை மொட்டையா எடுத்துட்டு அனுப்பினதால ஏன் எடுத்தேன்னு ஒரு காரணமும் இல்ல, அவங்க வரி ஆலோசகருக்கு அனுப்பி கேட்டுட்டு இருந்திருக்காங்க. இப்போ நான் இன்வாய்ஸ்லயும் நோட்லயும் போடற ரெண்டு வாக்கியம் இது தான், INTEGRATED TAX வரைக்கும் இருக்கற முதல் வாக்கியம் நம்ம ஜிஎஸ்டி விதி 46 கேக்கறது, அதை இன்வாய்ஸ்ல போட்டே ஆகணும், ரெண்டாவது அவங்களுக்காக:

```
SUPPLY MEANT FOR EXPORT UNDER LETTER OF UNDERTAKING
WITHOUT PAYMENT OF INTEGRATED TAX
Reverse charge: VAT to be accounted for by the recipient
```

அடுத்த அடி பேங்க் விவரம். இங்க தான் அதிக நாள் போச்சு, இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. முதல்ல அவங்க ஐபான், அதாவது சர்வதேச அக்கவுண்ட் நம்பர் கேட்டாங்க. ஐரோப்பால எல்லா அக்கவுண்ட்டுக்கும் ஐபான் இருக்கும், அங்க இருக்கறவங்களுக்கு அது இல்லாம ஒரு பேங்க் அக்கவுண்ட் இருக்கும்னே தோணாது. இந்தியா அந்த முறையில இல்ல, நமக்கு ஐபான் கிடையாது. நான் அதை சொல்லாம, அக்கவுண்ட் நம்பரையே ஐபான்னு எழுதி, பக்கத்துல பேங்க்கோட சர்வதேச கோடு கேக்கற இடத்துல ஸ்விஃப்ட்னு போட்டு ஐஎஃப்எஸ்சி கோடைக் குடுத்துட்டேன். பாஸ்புக்ல அது தானே இருக்கு. ரெண்டு கோடுமே பதினோரு எழுத்து, ஆனா பக்கத்துல பக்கத்துல வெச்சு பாத்தா வித்தியாசம் பளிச்னு தெரியும்:

```
AAAA0123456   IFSC
AAAAINBBXXX   SWIFT / BIC
```

ரெண்டுலயும் முதல் நாலு எழுத்து பேங்க். ஐஎஃப்எஸ்சில அஞ்சாவது எப்பவும் பூஜ்யம், அதுக்கப்புறம் கிளை. ஸ்விஃப்ட்ல அஞ்சாவது ஆறாவது எழுத்து நாடு, அதனால நம்ம பேங்க்னா IN இருந்தே ஆகணும், அடுத்த ரெண்டு ஊர், கடைசி மூணு கிளை, அந்த மூணு இல்லாம எட்டு எழுத்தோடயும் வரும். ஐஎஃப்எஸ்சி நாட்டுக்குள்ள பணம் அனுப்ப மட்டும் தான், ஜெர்மனியில இருக்கற பேங்க் சிஸ்டம் அதை ஏத்துக்காது. ஜூலை 3ம் தேதி செல்லாத கோடுன்னு மெயில் வந்துச்சு. எங்க கிளைக்குப் போனேன், கவுண்டர்ல இருந்தவர் "மேடம், நம்ம கிளைக்கு ஸ்விஃப்ட் கோடே கிடையாது, ஃபாரெக்ஸ் பாக்கற கிளையோட கோடு தான் போடணும்"னு சொல்லி எழுதிக் குடுத்தார். எல்லா கிளைக்கும் ஸ்விஃப்ட் கோடு இருக்காதுங்கறது அன்னைக்கு தான் தெரியும். நெட்ல தேடி எடுக்காம உங்க கிளையில எழுதி வாங்கிக்கோங்க, அது ஒரு தடவை வேலை.

நான் கோடை மாத்தி அனுப்பினதும் அங்க ஒரு சந்தேகம் வந்திருச்சு. பேங்க் விவரத்தை மெயில்ல மாத்திச் சொல்றது மோசடிக்காரங்க செய்ற வேலை, யாராவது நடுவுல மெயிலை ஹேக் பண்ணி தன் அக்கவுண்ட்டைக் குடுத்துருவாங்க. அதனால ப்ராஜெக்ட் மேனேஜர் வீடியோ கால்ல வந்து என்கிட்ட நேரா கேட்டு உறுதி பண்ணிக்கிட்டாங்க. அவங்க செஞ்சது சரி தான், ஆனா எனக்கு ரொம்ப கூசிப்போச்சு. விவரத்தை முதல் தடவையே முழுசா, சரியா குடுக்கணும், மாத்தவே கூடாதுங்கறது அன்னைக்கு மனசுல பதிஞ்சது.

ஜூலை 15 ரவுண்டுல பணம் அனுப்பிட்டாங்க. ஆனா அனுப்பினது என் தொழில் பேருக்கு, இன்வாய்ஸ் தலைப்புல அது தான் பெருசா இருந்துச்சு. அக்கவுண்ட் இருக்கறது அப்பா இனிஷியலோட என் பேர்ல. நம்ம ஊர்ல பேர் விஷயம் தெரியும்ல, பாஸ்போர்ட்ல அப்பா பேர் முழுசா பின்னாடி இருக்கும், பான் கார்டுல ஒரு மாதிரி, பேங்க்ல இனிஷியல் முன்னாடி. பேர் பொருந்தலன்னு பேங்க் பணத்தை நிறுத்தி வெச்சு, இன்வாய்ஸ் காப்பி கேட்டு மெயில் அனுப்பியிருக்காங்க, அது நான் காலேஜ்ல படிக்கும்போது குடுத்த பழைய மெயில் ஐடிக்குப் போயிருக்கு. நான் பாக்கவே இல்ல. ஜூலை 29 அன்னைக்கு பணம் ஜெர்மனிக்கே திரும்பிப் போயிருச்சு, போற வழியில 38 யூரோ சார்ஜ் கழிஞ்சு. ஒரு வாரம் கழிச்சு கிளையன்ட் சொல்லித் தான் எனக்குத் தெரியும். அந்த ராத்திரி நான் அழுதேன், சொல்றதுல என்ன இருக்கு. தப்பு என்னோடதுங்கறதால 38ஐ கழிச்சுக்கோங்கன்னு நானே சொல்லிட்டேன். அதனால பாஸ்புக்ல எப்படி அச்சாகி இருக்கோ, புள்ளி, இடைவெளி உட்பட, அதையே பயனாளர் பேர்னு நோட்ல தனி வரியா எழுதுங்க, தொழில் பேர் வேற இருந்தா பணம் அந்தப் பேருக்கு அனுப்ப வேண்டாம்னும் சேத்து எழுதுங்க. பேங்க்ல இருக்கற உங்க மெயில் ஐடியையும் போன் நம்பரையும் இன்னைக்கே ஒரு தடவை செக் பண்ணிருங்க.

ஆகஸ்ட் 15 ரவுண்டுல 2,362 கிளம்புச்சு, வந்தது 2,347. நடுவுல ஒரு பேங்க் 15 யூரோ எடுத்துக்கிச்சு. யூரோ நேரா நம்ம பேங்க்குக்கு வராது, நடுவுல இன்னொரு பேங்க் வழியா தான் வரும், அதுக்கு கட்டணம் யார் தர்றதுன்னு அனுப்பறவங்க ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்கு. OURனு போட்டா வழிக்கட்டணம் எல்லாம் அனுப்பறவங்க பொறுப்பு, SHAனு போட்டா அவங்க பேங்க் கட்டணம் அவங்களுக்கு, மத்தது நமக்கு, BENனா எல்லாமே நம்ம தலையில. யாரும் ஒண்ணும் சொல்லலன்னா பெரும்பாலும் SHA தான் போடுவாங்க, ஐரோப்பாக்குள்ள அனுப்பும்போது அப்படித் தான் பழக்கம். இதைப் பணம் வந்ததுக்கு அப்புறம் கேக்க முடியாது, 15 யூரோவுக்கு இன்னொரு பில் போட்டா அதுக்கும் 15 யூரோ போகும். வேலை பேசும்போதே சொல்லணும், நோட்ல தொகைக்குப் பக்கத்துலயே எழுதணும்.

அதுக்கு மேல நம்ம பேங்க் யூரோவை ரூபாயா மாத்தின ரேட் 88.70, நான் கணக்கு பண்ணி வெச்சிருந்தது 90. அப்புறம் பேங்க் கட்டணம் ஒரு 590. எல்லாம் போக கைக்கு வந்தது 2,07,588. இதுல ரேட் வித்தியாசம் நோட்ல எழுதி சரி பண்ற விஷயம் இல்ல, அது பேங்க்ல பேசிப் பாக்கறது, ஃபாரெக்ஸ் டெஸ்க்ல முன்கூட்டியே கேட்டா சில சமயம் கொஞ்சம் ஏத்தித் தருவாங்க. இப்போ ஐரோப்பிய ஐபானோட வர்ச்சுவல் அக்கவுண்ட் குடுக்கற சர்வீஸ்களும் இருக்கு, கிளையன்ட்டுக்கு உள்ளூர் டிரான்ஸ்ஃபர் மாதிரி போயிரும், வழிக்கட்டணமும் இருக்காது. சேரறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க, ஒவ்வொரு பணத்துக்கும் வெளிநாட்டுப் பணம் வந்ததுக்கான சான்றிதழ், நம்மாளுங்க எஃப்ஐஆர்சின்னு சொல்றது, அது தருவாங்களான்னு.

அந்தத் தாள் ஏன் முக்கியம்னா என் ரீஃபண்ட் அதுல தான் மாட்டுச்சு. வெளிநாட்டுப் பணம் வரும்போது எதுக்காக வந்துச்சுன்னு பேங்க் ஒரு பர்பஸ் கோடு போடும். என் மாதிரி சாஃப்ட்வேர் கன்சல்டிங் வேலைக்கு P0802. ஆனா என்னோடது தனி ஆள் பேர்ல இருக்கற சேவிங்ஸ் அக்கவுண்ட், கவுண்டர்ல ஃபார்மை நிரப்பினவர் P1301னு போட்டுட்டார், அது வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரங்க குடும்பச் செலவுக்கு அனுப்பற பணம். பணம் வந்துருச்சேங்கற நிம்மதியில நான் படிக்காமலே கையெழுத்து போட்டேன். ஏற்றுமதி சர்வீஸுக்கான பணம்னு நிரூபிக்க வேண்டிய தாள்ல குடும்பச் செலவுன்னு இருந்தா ரீஃபண்ட் எப்படிக் கிடைக்கும். திருத்தறதுக்கு லெட்டர், இன்வாய்ஸ், கான்ட்ராக்ட் காப்பின்னு ஆறு வாரம் அலைஞ்சேன். அக்டோபர்ல ரீஃபண்ட் கேக்கற RFD-01 ஃபார்ம் போட்டு டிசம்பர் கடைசில 38,880 வந்துச்சு. நகைக்கடன் வட்டி மட்டும் ரெண்டாயிரம் கிட்ட ஆயிருச்சு. இப்போ கவர் நோட்ல பேங்க் விவரத்துக்குக் கீழயே, பணம் அனுப்பும்போது குறிப்புக் கட்டத்துல இன்வாய்ஸ் நம்பரையும் சாஃப்ட்வேர் சர்வீஸ்னும் எழுதுங்க, பர்பஸ் கோடு P0802னு கேட்டுக்கறேன். அந்தக் கோடைக் கடைசியா முடிவு பண்றது நம்ம பக்க பேங்க் தான், ஆனா பணத்தோடயே அந்தக் குறிப்பு வந்தா கவுண்டர்ல ஊகிக்க வேண்டிய அவசியம் வராது. உங்க வேலை வேற மாதிரின்னா கோடும் வேற, உங்க ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

தேதி பத்தி சொல்ல கொஞ்சம் தான் இருக்கு. முப்பது நாள்னு எழுதினேன், எந்த நாள்ல இருந்து முப்பதுன்னு எழுதல. நான் ஜூன் 10ல இருந்து எண்ணினேன், அவங்க சரியான இன்வாய்ஸ் கையில கிடைச்ச நாள்ல இருந்து எண்ணினாங்க, ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்த முப்பது புதுசா ஆரம்பிச்சுது. இப்போ நாள் கணக்கே எழுதறதில்ல, காலண்டர்ல இருக்கற ஒரு தேதியை எழுதறேன், அந்தத் தேதிக்குள்ள என் அக்கவுண்ட்ல சேந்திருக்கணும்னு. மாசத்தை எழுத்துல எழுதறேன், ஏன்னா 05/11னு போட்டா நமக்கு நவம்பர் அஞ்சு, அமெரிக்கால மே பதினொண்ணு. அவங்க பணம் அனுப்பற நாள் எதுன்னு முதல்லயே கேட்டு வெச்சுக்கறேன், அதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி இன்வாய்ஸ் போய்ச் சேந்திரணும். என் கிளையன்ட்டுக்கு 10ம் தேதியும் 25ம் தேதியும் எல்லைன்னு மனசுல வெச்சிருக்கேன்.

அதே ஸ்டுடியோ செப்டம்பர்ல அடுத்த வேலை குடுத்தாங்க, இவ்ளோ குழப்பத்துக்கு அப்புறமும் குடுத்தாங்கன்னா அது அவங்க நல்ல மனசு. அதுக்குள்ள எல்யூடி போட்டாச்சு, அந்தத் தேதியில இருந்து மார்ச் வரைக்கும் செல்லும். இந்த தடவை அனுப்பின நோட் ஆங்கிலத்துல தான், தமிழ்ல சொன்னா இப்படி இருந்துச்சு. "வணக்கம், இன்வாய்ஸ் 2024-07 இணைச்சிருக்கேன், தேதி 15 அக்டோபர் 2024, செப்டம்பர் மாத வெப்சைட் டெவலப்மெண்ட் வேலைக்கு. தொகை 1,800.00 யூரோ, முழுசா வந்து சேரணும், தயவுசெஞ்சு கட்டணத்தை OURனு தேர்ந்தெடுங்க. 14 நவம்பர் 2024 வியாழனுக்குள்ள என் அக்கவுண்ட்ல சேரணும். வரி: இந்தியாவில் இருந்து எல்யூடியின் கீழ் ஏற்றுமதி, இந்திய ஜிஎஸ்டி போடவில்லை, ஜெர்மன் வாட் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் உங்கள் பொறுப்பு, உங்கள் வாட் நம்பர் இன்வாய்ஸில் உள்ளது. பேங்க்: பயனாளர் பேர், அக்கவுண்ட் நம்பர், பேங்க் பேர், கிளை முகவரி, ஸ்விஃப்ட் கோடு கீழே. இந்தியாவில் ஐபான் கிடையாது, அந்தக் கட்டத்தில் அக்கவுண்ட் நம்பரைப் போடுங்கள், உங்கள் பேங்க் ஃபார்ம் ஏற்கவில்லை என்றால் ஐரோப்பாவுக்கு வெளியே அனுப்பும் ஃபார்மைத் தேர்ந்தெடுங்கள். குறிப்பு: இன்வாய்ஸ் 2024-07, சாஃப்ட்வேர் சர்வீஸ், P0802. இந்த பேங்க் விவரத்தை நான் மெயிலில் மாற்றிச் சொல்ல மாட்டேன், மாற்றம் என்று மெயில் வந்தால் பணம் அனுப்பாமல் எனக்கு போன் செய்யுங்கள்."

இதுல ஒரு விஷயம் கவனிச்சுக்கோங்க, நோட்ல இருக்கற தொகை, தேதி, பேர், அக்கவுண்ட் நம்பர் எல்லாம் பிடிஎஃப்ல இருக்கறதோட எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். ஒரு தடவை நான் பழைய நோட்டை காப்பி பண்ணி இன்வாய்ஸ் நம்பரை மாத்த மறந்துட்டேன், அனுப்பறதுக்கு முன்னாடி கண்ணுல பட்டதால தப்பிச்சேன். இப்போ அனுப்பறதுக்கு முன்னாடி பிடிஎஃப்பைத் திறந்து பக்கத்துல வெச்சு விரல் வெச்சு ஒவ்வொரு எண்ணா சரி பாக்கறேன், அக்கவுண்ட் நம்பரை மட்டும் பாஸ்புக்கோட.

அந்த மெயிலுக்கு அக்கவுண்ட்ஸ்ல இருந்து அன்னைக்கு சாயங்காலமே பதில் வந்துச்சு, எல்லாம் இருக்கு, 30ம் தேதி அனுப்பறோம்னு. நடுவுல தீபாவளி லீவு, நவம்பர் 4 திங்கக்கிழமை காலைல மெசேஜ் வந்துச்சு, 1,800 யூரோ, ஒரு சென்ட் குறையல. அன்னைக்கே பேங்க்குக்கு போய் ஃபார்ம்ல P0802னு இருக்கான்னு படிச்சுப் பாத்துட்டு தான் கையெழுத்து போட்டேன்.